மதுரா ஃபுட்டைத் தேடும் ஒரு வரி: மெயில் அலர்ட் எங்கே தவறுகிறது?

மதுரையின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது. வயலிலும் காட்டிலும் செருப்பில்லாமல் நடப்பவர்களின் பாதத்தில், எப்போதோ முள் குத்திய இடத்தில், வலியே இல்லாமல் ஒரு வீக்கம் தொடங்கும். மாதங்கள் போகும், சிலருக்கு வருடங்கள்கூடப் போகும். அப்புறம் வீக்கத்தில் துளைகள் விழுந்து சீழ் வடியும். சீழோடு கருப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ சிறு குருணைகள் வெளிவரும். 1842-ல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். ஊர்ப் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டு 'மதுரா ஃபுட்' ஆனது. 1860-ல் பம்பாயில் பணியாற்றிய வான்டைக் கார்ட்டர் இதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும் என்பது பிறகு தெளிவானது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மதுரைப் பக்கத்து மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். தோல் மருத்துவம், நுண்ணுயிரியல், அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் முதுகலை படிப்பவர்கள் ஆய்வேட்டுக்காக இந்த நோயை எடுத்துக்கொள்வது உண்டு. அப்போது அவர்களுக்கு இரண்டு தேவைகள் வரும். இதுவரை வெளியானதைத் திரட்டுவது ஒன்று. அதை ஒரு வாரம் உட்கார்ந்து முடித்துவிடலாம். இனி வெளியாகப் போவதைத் தவறவிடாமல் இருப்பது இன்னொன்று. படிப்பு முடியும்வரை தினமும் தேடிக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பதால் அந்த வேலையை மெயில் அலர்ட்டிடம் விடுகிறோம். தேடல் வரி ஒன்றைச் சேமித்து வைத்தால், புதிதாக ஏதாவது அதற்குப் பொருந்தும்போது மெயில் வரும். இது வேலை செய்யும் விதத்தையும், சத்தமில்லாமல் தவறும் விதத்தையும் இந்த ஒரே நோயை வைத்துக்கொண்டு விளக்கப் பார்க்கிறேன்.

ஒரு மாணவி வந்து சொன்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். "சார், அலர்ட் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு மெயில்கூட வரலை. இந்த நோயைப் பத்தி இப்ப யாரும் எழுதறதில்ல போல."

எழுதுகிறார்கள். சூடானிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மருத்துவக் கட்டுரைகளின் பதிவுகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் அவர் சேமித்திருந்த வரியைத் திறந்து பார்த்தோம். இவ்வளவுதான் இருந்தது:

```
"madura foot"
```

மேற்கோள் குறி போட்டால் தேடல் துல்லியமாகும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். பப்மெட்டில் அது வேறொன்றையும் செய்கிறது. மேற்கோள் குறி இல்லாமல் madura foot என்று தட்டினால், பப்மெட் அந்தச் சொற்களைத் தன்னுடைய மருத்துவச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, "இவர் கேட்பது மைசெட்டோமா" என்று புரிந்துகொண்டு அந்தத் தலைப்பையும் சேர்த்துத் தேடும். மேற்கோள் குறி போட்டதும் இந்த உதவி நின்றுவிடும். அந்த இரண்டு சொற்களும் அதே வரிசையில் பதிவில் இருந்தால்தான் கட்டுரை அகப்படும். பப்மெட் தேடுவது தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் போன்றவை அடங்கிய பதிவை மட்டும்தான், கட்டுரையின் முழு உடலை அது தேடுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறவர்களில் பலர் தலைப்பிலும் சுருக்கத்திலும் மைசெட்டோமா என்றே எழுதுகிறார்கள். மதுரா ஃபுட் என்ற பெயர் முன்னுரையின் முதல் பத்தியில் ஒருமுறை வந்து போகும். அதனால் மாணவிக்கு மெயில் வரவில்லை.

தேடலில் தவறு இருந்தால் திரையில் தெரிந்துவிடும், இருபது முடிவுக்குப் பதில் இரண்டு வந்தால் கண்ணில் படும். அலர்ட்டில் அப்படி இல்லை. புதிதாக ஒன்றும் வெளியாகாதபோதும் மெயில் வராது, வரி தவறாக இருந்தாலும் மெயில் வராது. பெறுகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் அலர்ட்டுக்குப் போகும் வரியைச் சாதாரணத் தேடலைவிட அதிகக் கவனத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அலர்ட் வைக்கும் படிகளைச் சொல்லிவிடுகிறேன். பப்மெட்டில் தேடல் பெட்டிக்குக் கீழே Create alert என்று இருக்கும். அதை அழுத்தினால் பப்மெட்டை நடத்தும் என்சிபிஐ நிறுவனத்தின் கணக்கில் நுழையச் சொல்லும். கூகுள் கணக்கோ ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்படும் ஆர்க்கிட் எண்ணோ இருந்தால் அதை வைத்தே நுழையலாம். கல்லூரி கொடுத்த மெயில் முகவரியை நம்ப வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி போய்விடும், அதோடு அலர்ட்டும் போய்விடும். உள்ளே நுழைந்ததும் தேடலுக்கு ஒரு பெயர், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மெயில் வேண்டும், எந்தக் கிழமையில் வேண்டும், தலைப்பு மட்டும் போதுமா சுருக்கமும் வேண்டுமா என்று கேட்கும்.

அந்தப் பக்கத்தில் இரண்டு இடங்களைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஒரு மெயிலில் அதிகபட்சம் எத்தனை கட்டுரைகள் அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு 5 என்று ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அந்த வாரம் 12 வந்திருந்தாலும் மெயிலில் 5 மட்டுமே இருக்கும். மீதியைப் பார்க்க மெயிலில் உள்ள இணைப்பைத் தட்ட வேண்டும். அவசரத்தில் யார் தட்டுகிறார்கள்? 50 அல்லது 100 என்று மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, Send even when there aren't any new results என்ற கட்டம். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் மெயில் அனுப்பு என்பது இதன் பொருள். தொல்லை என்று நினைத்து எல்லோரும் இதை விட்டுவிடுவார்கள். குறைவாகக் கட்டுரை வரும் துறைகளில் நான் இதை டிக் செய்யத்தான் சொல்வேன். 'புதிதாக எதுவும் இல்லை' என்ற மெயில் வந்தால் அலர்ட் உயிரோடு இருக்கிறது என்றாவது தெரியும். அதுவும் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியையோ கணக்கையோ போய்ப் பார்க்கலாம்.

சரி, இனி வரிக்கு வருவோம். மேற்கோள் குறியை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா? பாதி சரியாகும். பப்மெட் அப்போது மைசெட்டோமா என்ற தலைப்புச் சொல்லையும் சேர்த்துத் தேடும். தலைப்புச் சொல் என்பது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ஒவ்வொரு கட்டுரைக்கும் இணைக்கிற மெஷ் சொல். கட்டுரையாளர் எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றாக இருந்தால் ஒரே சொல்லின் கீழ் கொண்டுவருவதற்காக அது இருக்கிறது. பழைய கட்டுரைகளைத் திரட்ட இது மிகவும் உதவும். ஆனால் அலர்ட் தேடுவது புத்தம் புதிய பதிவுகளை. பப்மெட்டுக்குள் வருகிற எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் சொல் போடுவதில்லை. பப்மெட்டின் தேர்ந்தெடுத்த இதழ்கள் அடங்கிய மெட்லைன் பகுதியில் சேர்க்கப்பட்ட இதழ்களுக்கு மட்டும்தான் போடுகிறார்கள். முழுக் கட்டுரையைப் பிஎம்சி என்ற இலவசக் களஞ்சியத்தில் வைப்பதன் வழியாக மட்டும் பப்மெட்டுக்குள் வரும் இதழ்கள் பல உண்டு. அவற்றின் கட்டுரைகளுக்கு மெஷ் சொல் எப்போதுமே வராது. இப்படிப்பட்ட இதழில் வெளியான நோயாளி விவரம் ஒன்று, மெஷ்ஷை மட்டும் நம்பிய அலர்ட்டுக்கு அகப்படவே அகப்படாது.

அதனால் மெஷ்ஷும் வேண்டும், ஆசிரியர்கள் தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதும் சொற்களும் வேண்டும். இரண்டையும் OR போட்டு இணைக்க வேண்டும். [tiab] என்ற ஒட்டு, தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடு என்று பப்மெட்டுக்குச் சொல்கிறது. நட்சத்திரக் குறி, அதற்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் சரி என்று சொல்கிறது. மாணவி அடுத்து எழுதிப் பார்த்த வரி இது:

```
"Mycetoma"[Mesh] OR mycetom*[tiab]
```

நல்ல வரிதான். ஆனாலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. நட்சத்திரத்தைச் சொல்லின் பின்னால்தான் போட முடியும், முன்னால் போட முடியாது. பூஞ்சையால் வருவதை eumycetoma என்றும் பாக்டீரியாவால் வருவதை actinomycetoma என்றும் எழுதுவார்கள். இரண்டுக்குள்ளும் mycetoma இருப்பதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. கணினி சொல்லை முதல் எழுத்திலிருந்துதான் பார்க்கும். e-யில் தொடங்கும் சொல் அதற்கு முற்றிலும் வேறு சொல். "Eumycetoma" என்று மட்டும் தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதி, மெஷ் சொல்லும் இல்லாத கட்டுரை இந்த வரியில் விழாது. வகை பிரித்து எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டதால் இது சின்ன ஓட்டை இல்லை.

இரண்டாவது ஓட்டை எதிர்ப்பக்கம் இருந்தது. வரி மாற்றிய அடுத்த வாரமே மெயில் வந்தது. அதில் பூச்சிகளைப் பற்றிய ஒரு கட்டுரை இருந்தது. மாணவிக்குக் குழப்பம். அசுவினி போன்ற பூச்சிகளின் உடலுக்குள் நுண்ணுயிர்கள் தங்கும் உறுப்பை mycetome என்று சொல்லும் பழக்கம் உண்டு. mycetom* என்று எழுதினால் அதுவும் பொருந்திவிடும். ஓர் எழுத்து கூட்டி mycetoma* என்று எழுதினால் பூச்சிகள் போய்விடும். நோயை உண்டாக்கும் முக்கியமான பூஞ்சையின் பெயரில் உள்ள mycetomatis மட்டும் தங்கிவிடும். நட்சத்திரத்தை எந்த எழுத்துக்குப் பின் வைக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

இப்படித் திருத்தித் திருத்தி வந்து நின்ற வரி இது:

```
"Mycetoma"[Mesh] OR mycetoma*[tiab]
OR eumycetoma*[tiab] OR actinomycetoma*[tiab]
OR maduromycos*[tiab] OR "madura foot"[tiab]
OR madurella[tiab]
```

கிருமிப் பெயர்களில் Madurella-வை மட்டும் சேர்த்து Actinomadura-வை விட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டுமே மதுரையின் பெயரைச் சுமப்பவை. ஆனால் Actinomadura என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா இனம். அதிலிருந்து புதிய வேதிப்பொருள்களையும் மருந்துகளையும் பிரித்தெடுப்பவர்கள் எழுதும் கட்டுரைகள் நிறைய. அந்தச் சொல்லை அப்படியே சேர்த்தால் பாதத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேதியியல் வந்து குவியும். வேண்டுமென்றால் அதை infect* அல்லது foot போன்ற சொல்லோடு AND போட்டுச் சேர்க்கலாம்.

இந்த வரியிலும் வேண்டாதவை வரும். நுரையீரலில் பழைய காசநோய்க் குழிக்குள்ளோ மூக்கை ஒட்டிய எலும்பறைகளுக்குள்ளோ பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருந்தால், அதையும் பல மருத்துவர்கள் மைசெட்டோமா என்றே எழுதுகிறார்கள். நம்முடைய நோயோடு அதற்கு உறவு கிடையாது. பெயர்தான் ஒன்று. வாரம் தவறாமல் இவை மெயிலில் எட்டிப் பார்க்கும். அப்போது எல்லோருக்கும் NOT போட்டு விலக்கிவிடலாம் என்ற ஆசை வரும். மாணவிக்கும் வந்தது.

```
NOT (aspergillus[tiab] OR sinus*[tiab] OR lung[tiab])
```

இதைச் சேர்த்ததும் முடிவுகள் கச்சிதமாகத் தெரிந்தன. இந்த ஒரு வரி நல்லதில் எவ்வளவைத் தள்ளிவிட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அஸ்பெர்ஜில்லஸ் இனத்துப் பூஞ்சைகள் சில, பாதத்திலும் இந்த நோயை உண்டாக்குகின்றன. அவற்றைப் பற்றிய கட்டுரைகள் போயின. அதைவிடப் பெரிய இழப்பு sinus என்ற சொல்லால் வந்தது. மூக்கை ஒட்டிய எலும்பறைக்கும் அந்தப் பெயர்தான், சீழ் வடியும் துளைக்கும் அந்தப் பெயர்தான். மதுரா ஃபுட்டை அடையாளம் காணச் சொல்லப்படும் மூன்று அடையாளங்கள் வீக்கம், சீழ் வடியும் துளைகள், குருணைகள். "discharging sinuses" என்று எழுதாத நோயாளி விவரம் அபூர்வம். மூக்கை விலக்கப் போட்ட சொல், நோயின் மைய அடையாளத்தையே விலக்கிவிட்டது. திரையில் இது தெரியாது. முடிவுகள் குறைந்திருப்பது மட்டும் தெரியும், அதுவும் நல்லதாகத்தான் தோன்றும்.

NOT போட்டே ஆக வேண்டும் என்றால் சுருக்கத்தை விட்டுவிட்டு, தலைப்புக்கு மட்டும் பொருந்தும்படி போடலாம். [tiab]-க்குப் பதில் [ti]. சொற்களும் இரண்டு பொருள் தராதவையாக இருக்க வேண்டும்: aspergilloma*, "fungus ball", maxillary, sphenoid* போன்றவை. தலைப்பிலேயே மேல்தாடை எலும்பறை என்று எழுதியவர் பாதத்தைப் பற்றி எழுதியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என் சொந்தக் கருத்து வேறு. இவ்வளவு சிறிய துறையில் NOT தேவையே இல்லை. வேண்டாத கட்டுரையின் தலைப்பைப் படித்துத் தாண்டிப் போக சில நொடிகள் ஆகும். வேண்டிய ஒன்று வராமலே போனால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வைவாவில்தான் தெரியவரும். வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் குவியும் சர்க்கரை நோய் போன்ற துறைகளில் இந்தக் கணக்கு மாறும். அங்கே வடிகட்டாமல் பிழைக்க முடியாது. அங்கேயும் NOT போட்டு விலக்குவதைவிட, AND போட்டு வேண்டியதைக் கேட்பதுதான் பாதுகாப்பு.

இடது பக்கத்தில் வரிசையாக இருக்கும் வடிகட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேடும்போது அவற்றில் ஏதாவது டிக் செய்யப்பட்டிருந்தால், அலர்ட் வைக்கும்போது அதுவும் சேர்ந்தே சேமிக்கப்படும். Humans என்ற வடிகட்டி ஒன்றும் ஆகாததுபோலத் தோன்றும். மனிதர்களைப் பற்றியதுதானே வேண்டும்? ஆனால் அது மெஷ் சொல்லை வைத்து இயங்குகிறது. மெஷ் இல்லாத புதிய கட்டுரை மனிதனைப் பற்றியதாகவே இருந்தாலும் வெளியே நின்றுவிடும். வெளியான ஆண்டு வடிகட்டியும் அப்படித்தான். 2024 வரை என்று ஒருவர் திரட்டும் வேலைக்காகப் போட்டு வைத்து, அதே திரையிலிருந்து அலர்ட்டும் வைத்துவிட்டால் 2025-ல் வருவது எதுவும் அவருக்கு வராது. அலர்ட் வைக்கும் முன் எல்லா வடிகட்டிகளையும் கழற்றிவிட வேண்டும். புதியது எது என்று பார்த்துக்கொள்வது பப்மெட்டின் வேலை, அதற்கு நாம் தேதி கொடுக்கத் தேவையில்லை.

வரி சரியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வராத மெயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்கூட்டியே சோதிக்க வேண்டும். அதற்கு நூலகர்கள் செய்யும் ஒரு எளிய சோதனை உண்டு. நமக்கு உறுதியாக வேண்டிய கட்டுரைகள் என்று தெரிந்தவற்றை முதலில் சேகரித்துக்கொள்ள வேண்டும். நம் தேடல் வரியில் கிடைத்தவற்றிலிருந்து எடுத்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னவை, ஒரு நல்ல மதிப்பாய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் உள்ளவை என்று வெளியிலிருந்து எடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் போதும். பழையது, புதியது, பூஞ்சை, பாக்டீரியா, ஆய்வகம், சிகிச்சை என்று கலந்து இருந்தால் நல்லது. பப்மெட் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுக்கிறது, PMID என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அந்த எண்களை OR போட்டு அடுக்கி, பிறகு NOT போட்டு, அடைப்புக் குறிக்குள் நம் வரியை முழுதாக ஒட்ட வேண்டும். கீழே n1, n2 என்று உள்ள இடங்களில் அந்த எண்களையும், கடைசி அடைப்புக் குறிக்குள் தேடல் வரியையும் வைத்துக்கொள்ளுங்கள்:

```
(n1[uid] OR n2[uid] OR n3[uid])
NOT ( ... )
```

வரி சரியாக இருந்தால் முடிவு ஒன்றும் வராது. ஏதாவது வந்தால் அதுதான் நம் வரி தவறவிடும் கட்டுரை. அதைத் திறந்து, ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருக்கிறார் என்று படித்து, அந்தச் சொல்லை வரியில் சேர்த்து மறுபடி சோதிக்கலாம். மாணவியின் முதல் வரியை இப்படிச் சோதித்தபோது அவர் கையில் இருந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை தவறியவற்றின் பட்டியலிலேயே வந்து நின்றன. யூமைசெட்டோமா விஷயமும் இந்தச் சோதனையில்தான் வெளியே வந்தது.

மெயில் எவ்வளவு வரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். வரி முழுவதையும் அடைப்புக் குறிக்குள் வைத்து, பின்னால் இதைச் சேர்த்துத் தேடுங்கள்:

```
AND 2024/01/01:2024/12/31[crdt]
```

அந்த ஆண்டில் பப்மெட்டுக்குள் வந்த பதிவுகளில் எத்தனை நம் வரிக்குப் பொருந்துகின்றன என்று வரும். 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் வாரம் ஒருமுறை மெயில் போதும். தினமும் மெயில் வேண்டும் என்று ஆர்வத்தோடு தொடங்குகிறவர்கள் சில வாரங்களில் திறக்காமலே அழிக்கப் பழகிவிடுகிறார்கள். அப்புறம் அலர்ட் இருந்தும் இல்லாததுபோல்தான். இது சோதனைக்கு மட்டும்தான், சேமிக்கும் வரியில் இந்தத் தேதி இருக்கக் கூடாது.

ஒருமுறை சோதித்த வரி எப்போதும் சரியாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. துறையில் பெயர்கள் மாறும். பூஞ்சைகளில் இது அடிக்கடி நடக்கிறது. மரபணுவை வைத்து உறவுமுறையை மறுபடி வரைந்ததால், கருங்குருணை நோயை உண்டாக்கும் பூஞ்சைகள் சிலவற்றுக்கு 2014-ல் புதுப் பெயர் வந்தது. Madurella grisea என்று இருந்தது Trematosphaeria grisea ஆனது. Leptosphaeria senegalensis என்று இருந்தது Falciformispora senegalensis ஆனது. முதல் பெயர் மாற்றத்தால் மதுரையின் பெயரே அந்தப் பூஞ்சையிலிருந்து போய்விட்டது. madurella என்று மட்டும் போட்டிருந்தவருக்கு அதற்குப் பிறகு அந்தப் பூஞ்சையைப் பற்றிய ஆய்வகக் கட்டுரைகள் நின்றிருக்கும்.

மருந்துகளிலும் இதே கதைதான். இந்த நோய்க்கு இதுவரை நடந்த முக்கியமான மருந்துச் சோதனை, சூடானில் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற மருந்தைப் பழைய இட்ராகோனசோலோடு ஒப்பிட்டது. அதன் முடிவுகள் 2024-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியாயின. அந்த மருந்துக்கு E1224 என்ற குறியீட்டுப் பெயரும் உண்டு. முன்பு சாகஸ் நோய்க்காகச் சோதித்தவர்கள் அந்தப் பெயரில்தான் எழுதினார்கள். மருந்தைத் தனியாகத் தொடர விரும்புகிறவர் இரண்டு பெயர்களையும் போட வேண்டும். இதைப் பெரிய வரிக்குள் திணிக்காமல் தனி அலர்ட்டாகவே வைப்பது நல்லது. எந்த மெயில் எதற்காக வந்தது என்று தலைப்பைப் பார்த்ததுமே தெரியும், வேலை முடிந்ததும் அதை மட்டும் நிறுத்திவிடலாம்.

இப்படி இரு சொற்பெயர்களைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பப்மெட்டிடம் சொற்றொடர்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் நாம் எழுதும் தொடர் அந்த அட்டவணையில் இல்லையென்றால், மேற்கோள் குறியைக் கண்டுகொள்ளாமல் சொற்களைத் தனித்தனியாகத் தேடும். முடிவுப் பக்கத்தின் மேலே இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வரும். சேமிக்கும் முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மெயிலில் அந்த அறிவிப்பு இருக்காது. புதுப் பெயர்களுக்கும் எழுத்துப்பிழைக்கும் இது அடிக்கடி நேரும்.

பப்மெட்டில் வராதவற்றுக்காகக் கூகுள் ஸ்காலர் அலர்ட் ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அது வேறு விதமாக வேலை செய்கிறது. மெஷ் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. ஆனால் கட்டுரையின் முழு உடலையும் தேடுகிறது. பப்மெட்டில் ஏமாற்றிய "madura foot" இங்கே உதவுகிறது, முன்னுரையில் ஒருமுறை வந்திருந்தாலும் அகப்படும். நம் பக்கத்து ஆய்வுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. தமிழ்நாட்டு முதுகலை மாணவர்கள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகள் பப்மெட்டில் வருவதில்லை. தென்மாவட்டத்து நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் பல அவற்றில்தான் தூங்குகின்றன. இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்ட ஆய்வேடுகளை ஸ்காலர் தேடிக் கொடுக்கும். பதிலுக்கு அது எதையும் தரம் பிரிப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் நல்ல இதழ்களும் ஒரே வரிசையில் வரும். இதழ் எது என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

ஸ்காலரில் எனக்கு மிகவும் பிடித்தது மேற்கோள் அலர்ட். சொல்லை நம்பாமல் கட்டுரையை நம்பும் முறை அது. மேலே சொன்ன 2024-ஆம் ஆண்டுச் சோதனைக் கட்டுரையை ஸ்காலரில் தேடி, அதன் கீழே உள்ள Cited by என்ற இணைப்பைத் தட்டி, வரும் பக்கத்தில் Create alert கொடுத்தால் போதும். அந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் மெயில் வரும். அவர்கள் நோயை எந்தப் பெயரில் எழுதினாலும், பூஞ்சைக்கு என்ன புதுப் பெயர் வந்தாலும் கவலையில்லை. இந்த நோய்க்கான மருந்தைப் பற்றி இனி எழுதுகிறவர் அந்தச் சோதனையைச் சொல்லாமல் எழுதுவது கடினம். பெயர் மாற்றத்தால் சொல் அலர்ட் தவறவிட்ட கட்டுரை இந்த வழியாக வந்து சேரும். அப்படி வந்தால் அதை ஒரு தகவலாகவும் எடுத்துக்கொள்ளலாம்: பப்மெட்டில் அந்தக் கட்டுரை இருந்தும் சொல் அலர்ட்டில் வரவில்லை என்றால், வரியில் ஒரு சொல் குறைகிறது.

மாணவி இப்போது மூன்று அலர்ட்டுகள் வைத்திருக்கிறார். நோய்க்கு ஒன்று பப்மெட்டில், மருந்துக்கு ஒன்று பப்மெட்டில், அந்த ஒரு சோதனைக் கட்டுரையின் மேற்கோளுக்கு ஸ்காலரில் ஒன்று. பப்மெட் மெயில்கள் வியாழக்கிழமை வரும்படி வைத்துக்கொண்டார். அவருடைய பிரிவில் இதழ்க் கட்டுரை விவாதம் வெள்ளிக்கிழமை நடக்கிறது. தேடல் வரிகளை ஆய்வேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எந்தத் தேதியில் எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்றும் குறித்து வைத்திருக்கிறார். அடுத்த வருடம் அதே பிரிவில் சேரும் இன்னொருவர் இந்த நோயை எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.